கொழுந்து 66இலிருந்து 43க்கு இறங்கிவிட்டது: பருவமா, உண்மையான சரிவா?

நோர்வூட்வாசி

வணக்கம். நோர்வூட் பக்கம் எங்கள் மாமா சிறுதோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து வாங்கி பேக்டரிக்குக் கொடுக்கிறார். கணக்கு நான் பார்க்கிறேன். இந்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரை 66 ஆயிரம் கிலோ வந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை 43 ஆயிரம்தான். மாமா பயந்துபோய் இரண்டாவது லொறியை விற்றுவிடலாம் என்கிறார். மழை மாசங்களில் கொழுந்து குறையும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் "இவ்வளவா குறையும்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு எண் வேண்டும்.

கையில் உள்ள கணக்கு இது (ஆயிரம் கிலோவில், முழு எண்ணாக்கியது, வரிசை ஜனவரி–மார்ச், ஏப்ரல்–ஜூன், ஜூலை–செப்டெம்பர், ஒக்டோபர்–டிசம்பர்):

2022: 32, 52, 38, 44
2023: 36, 56, 41, 50
2024: 38, 62, 45, 53
2025: 41, 66, 43

உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் படித்தேன். நகரும் சராசரி போட்ட ஞாபகம் இருக்கிறது. அதை வைத்து இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

வட்டவளை

தம்பி, இதற்கு நகரும் சராசரியெல்லாம் வேண்டாம். ஜூனோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? போன வருஷம் இதே காலாண்டில் 45, இந்த வருஷம் 43. குறைந்தது 2 ஆயிரம் கிலோதான். ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடு வைத்தால் பருவம் தானாகக் கழிந்துவிடும். மாமாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

பண்டாரவளைக் காற்று

எனக்கு இது விளங்கவில்லை. ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் என்றால் எங்கள் பக்கம் நல்ல காலம். அந்தக் காய்ந்த காற்று வீசும்போது வரும் ஊவாத் தேயிலைக்குத்தான் ஏலத்தில் விலை. நீங்கள் அதை மோசமான காலாண்டு என்கிறீர்களே?

கணக்குமேசை

பண்டாரவளைத் தம்பி பேசுவது விலை, நோர்வூட்டுத் தம்பி கேட்பது கிலோ. இரண்டும் வேறு தொடர்கள். எடையிலும்கூட ஊவாவின் பருவச் சுட்டியைக் கொண்டுவந்து டிக்கோயா, நோர்வூட் பக்கம் வைக்க முடியாது. தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும்போது ஊவாப் பக்கம் மழை நிழலில் காய்கிறது. நோர்வூட்டில் ஏப்ரல் மழையும் வெயிலும் மாறி மாறி வந்து கொழுந்து பொங்கும். அப்புறம் ஜூன் கடைசியிலிருந்து மூடுபனி, வெயில் இல்லை, கொப்புள நோய், கொழுந்து இறங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை குளிரும் வறட்சியும் சேர்ந்து இன்னும் குறையும். 32, 36, 38, 41 என்ற அந்த முதல் வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது.

வட்டவளை ஐயா சொன்னதில் பாதி சரி. போன வருஷத்து அதே காலாண்டோடு ஒப்பிட்டால் பருவம் கழிந்துவிடும். கழியாமல் நிற்பது போக்கு. இந்தக் கடையின் வரவு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஜூலை–செப்டெம்பரை மட்டும் எடுங்கள்: 38, 41, 45. ஒவ்வொரு தடவையும் 3, 4 ஏறியிருக்கிறது. இந்தத் தடவையும் 48, 49 வந்திருக்க வேண்டும். அங்கே 43 வந்தால் குறை 2 இல்லை, அதைவிட அதிகம். எவ்வளவு என்று சொல்லப் போக்கையும் பருவத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். நகரும் சராசரியின் வேலை அதுதான்.

உயர்தரம்26

டீச்சர், நான் அடுத்த வருஷம் சோதனை எழுதுகிறேன். மூன்று காலாண்டு சராசரி போட்டால் என்ன? நடுவிலுள்ள காலாண்டுக்கு நேராக வந்துவிடும், மையப்படுத்தும் வேலையும் மிச்சம். நான்கு எடுத்தால் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

கணக்குமேசை

போட்டுப் பாருங்கள் மகள். 2023 ஜனவரியிலிருந்து மும்மூன்றாக எடுத்தால் 44.3, 49, 43, 50 என்று வரும். இது போக்கா? ஏறி இறங்கி ஆடுகிறது. காரணம், ஒரு சராசரிக்குள் ஏப்ரல்–ஜூன் இருக்கிறது, அடுத்ததில் இருக்கிறது, அதற்கடுத்ததில் இல்லை. பருவத்தின் ஒரு முழுச் சுற்று ஒவ்வொரு சராசரிக்குள்ளும் அடங்க வேண்டும். காலாண்டுக்கு நான்கு, மாசக் கணக்குக்குப் பன்னிரண்டு, கிழமை நாளுக்கு நாள் மாறும் கடை வியாபாரத்துக்கு ஏழு. இதில் நம் வசதிக்கு இடமில்லை.

நான்கு எடுத்தால் நடுவில் விழும் என்பது உண்மை. 2022இன் நான்கு காலாண்டுகளின் கூட்டல் 166, அது ஜூன் முடிவுக்கு நேராக நிற்கும். அடுத்த நான்கின் கூட்டல் 170, அது செப்டெம்பர் முடிவுக்கு நேராக நிற்கும். இரண்டையும் கூட்டி 8ஆல் வகுத்தால் 42, அது சரியாக ஜூலை–செப்டெம்பர் காலாண்டின் நடுவில் வந்து உட்காரும். அந்தக் காலாண்டில் நிஜமாக வந்தது 38. 38ஐ 42ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 90.5. அதாவது பருவமே இல்லாவிட்டால் வந்திருக்கக்கூடியதில் 90 வீதம்தான் வந்தது.

கணினியில் செய்வதென்றால் இரண்டு தடவை சராசரி எடுக்கத் தேவையில்லை. 2022 முதல் காலாண்டு B2இல் இருந்தால், C4இல் இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=(0.5*B2+B3+B4+B5+0.5*B6)/4
```

இரண்டு ஓரத்திலும் இருப்பது ஒரே பருவத்தின் காலாண்டு என்பதால் அவற்றுக்குப் பாதி எடை. அப்போது நான்கு பருவமும் சம எடையில் வரும்.

நோர்வூட்டுத் தம்பி, 2025 ஜூன் வரையுள்ள எண்களை மட்டும் வைத்துச் செய்து போடுங்கள். கடைசி 43ஐ இப்போது உள்ளே விடாதீர்கள். நாம் சந்தேகப்படுவது அந்த எண்ணைத்தான். அதைச் சேர்த்தால் 2025 முதல் காலாண்டின் நகரும் சராசரிக்குள் அது நுழைந்துவிடும்.

நோர்வூட்வாசி

நன்றி டீச்சர். செய்து பார்த்தேன். மையப்படுத்திய நகரும் சராசரி 2022 ஜூலையில் 42இல் தொடங்கி, 43, 43.9, 45, 46, 47, 48.3, 49.1, 49.9 என்று ஏறி, 2024 கடைசிக் காலாண்டில் 50.75இல் நிற்கிறது. மூன்று எடுத்தபோது வந்த ஆட்டம் இதில் இல்லை.

விகிதங்கள்:

ஜனவரி–மார்ச்: 82.1, 78.8
ஏப்ரல்–ஜூன்: 124.4, 126.2
ஜூலை–செப்டெம்பர்: 90.5, 89.1, 90.2
ஒக்டோபர்–டிசம்பர்: 102.3, 106.4, 104.4

சராசரி எடுத்தால் பருவச் சுட்டிகள் 80.4, 125.3, 89.9, 104.4. கூட்டினால் 400 வருகிறது, துண்டு துணுக்கான வித்தியாசம்தான். திருத்தக் காரணி போடத் தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். நான் முதலில் சுருக்கு வழியாக 2022, 2023, 2024 மூன்று வருஷத்துக்கும் காலாண்டுவாரியாகச் சராசரி எடுத்து, மொத்தச் சராசரியால் வகுத்தேன். அதில் 77.5, 124.3, 90.7, 107.5 வந்தது. அதுவும் சரியாக 400தான். எதை நம்புவது?

கணக்குமேசை

400 வந்துவிட்டதால் சரியாகிவிடாது. அந்தச் சுருக்கு வழியில் கூட்டல் எப்போதும் 400தான் வரும். வகுக்கும் விதமே அப்படி.

இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள இரண்டு காலாண்டும் அதிகம் மாறவில்லை. முதலாவது 3 குறைந்திருக்கிறது, கடைசி 3 கூடியிருக்கிறது. வரவு ஏறிக்கொண்டிருக்கும் கடையில் எந்த வருஷம் எடுத்தாலும் டிசம்பர், அதே வருஷத்து ஜனவரியைவிட மேலேதான் இருக்கும். அந்த ஏற்றம் பருவம் இல்லை, போக்கு. சுருக்கு வழி அதைப் பருவத்தின் கணக்கில் எழுதிவிட்டது. வரவு இறங்கிக்கொண்டிருக்கும் கடையென்றால் தலைகீழாக நடக்கும். ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை என்றால் மட்டும் அந்த வழி போதும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். கடைசியாகக் கிடைத்த நகரும் சராசரி 2024 கடைசிக் காலாண்டின் 50.75. இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு காலாண்டுக்கு நகரும் சராசரி கிடைக்காது, அதனால் போக்கை நாமே நீட்ட வேண்டும். 42இலிருந்து 50.75க்கு ஒன்பது காலாண்டில் ஏறியிருக்கிறது, காலாண்டுக்கு 0.97. மூன்று காலாண்டு முன்னே போனால் 53.7. அதில் 89.9 வீதம் 48.2.

மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள். 66இலிருந்து 43க்கு இறங்கியது 23. அதில் ஏறக்குறைய 18 மழைக்காலத்தின் பங்கு, ஒவ்வொரு வருஷமும் இறங்குவது. மிச்சம் 5தான் கவனிக்க வேண்டிய குறை. வரவேண்டியதில் 11 வீதம்.

வட்டவளை

டீச்சர், பருவத்தைக் கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. போக்கை நீட்டும் இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த வருஷமே தடையை எடுத்தார்கள், ஆனால் 2022இல் உரத்தின் விலையும் டீசல் வரிசையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தம்பியின் கணக்கு அந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்குகிறது. 42இலிருந்து 50க்கு வந்தது வளர்ச்சி என்பதைவிட, பழைய நிலைக்குத் திரும்பியது. செடிக்கு உரம் கிடைத்து முன்பிருந்த நிலைக்கு வந்துவிட்டால் ஏற்றம் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் அதே வேகத்தில் கோட்டை இழுத்துவிட்டு, அது வரவில்லை என்று 5 குறை சொல்கிறீர்கள்.

கணக்குமேசை

நியாயமான மறுப்பு. நகரும் சராசரி பருவத்தைக் கழித்துத் தருவது போக்கையும் அதற்கு மேலே வரும் நீண்ட ஏற்ற இறக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான். மூன்றரை வருஷக் கணக்கை வைத்து அந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை.

ஐயா சொல்வதுபோல ஏற்றம் 2024 முடிவிலேயே நின்றுவிட்டது என்று வைப்போம். அப்போதும் 50.75இல் 89.9 வீதம், அதாவது 45.6 வரவேண்டும். குறை 2.6. ஆகவே குறை 2.6க்கும் 5.2க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. நான் 5 பக்கம் சாய்வதற்குக் காரணம், இந்த வருஷத்தின் முதல் இரண்டு காலாண்டையும் பருவம் நீக்கிப் பார்த்ததுதான். 41ஐ 0.804ஆல் வகுத்தால் 51, 66ஐ 1.253ஆல் வகுத்தால் 52.7. ஜூன் வரை ஏற்றம் நிற்கவில்லை. 43ஐ 0.899ஆல் வகுத்தால் 47.8. 52.7க்கு அடுத்து 47.8 என்பது இந்தத் தொடரில் இதுவரை வராத இறக்கம். ஜூனுக்கும் செப்டெம்பருக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. தம்பிக்குத்தான் அது தெரிய வேண்டும்.

ஹட்டன் புடவைக்கடை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே வழியில்தான் மாச விற்பனைக்குச் சுட்டி போட்டேன், எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒக்டோபர் சுட்டி ஒரு வருஷம் 190க்கு மேலே, ஒரு வருஷம் 110. நவம்பரும் அப்படித்தான். பன்னிரண்டு மாசச் சராசரிதான் எடுத்தேன், மையப்படுத்தியும் இருக்கிறேன். எங்கே பிழை?

உயர்தரம்26

அண்ணா, விகிதங்கள் இவ்வளவு விலகினால் சராசரிக்குப் பதில் இடையம் எடுக்கலாமே? ஒதுங்கி நிற்கும் எண் தானாக விழுந்துவிடும்.

கணக்குமேசை

இங்கே இடையம் உதவாது மகள். தீபாவளி 2022இல் ஒக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் ஒக்டோபர் 31, இந்த வருஷம் ஒக்டோபர் 20. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கையில் வந்ததும் சனம் கடைக்கு வரும். 2023இல் அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி நவம்பருக்குப் போயிருக்கும். இடையம் எடுத்தால் 2023ஐத் தூக்கி எறிந்துவிட்டு ஒக்டோபர்தான் தீபாவளி மாசம் என்று சொல்லும். 2026இல் தீபாவளி நவம்பர் 8. அப்போது அந்தச் சுட்டியை நம்பிச் சரக்கு எடுத்தால் மாசக் கணக்கு முழுக்கத் தப்பாகும்.

நகரும் சராசரி முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பருவம் ஒவ்வொரு வருஷமும் அதே மாசத்தில் வர வேண்டும். சித்திரைப் புத்தாண்டு, பொங்கல், நத்தார் எல்லாம் அப்படி வரும், தீபாவளி வராது. உங்கள் கடைக்கு எளிய வழி, ஒக்டோபரையும் நவம்பரையும் ஒரே காலமாகச் சேர்த்து ஒரு சுட்டி போடுவது. அதற்குள்ளே எப்போது சரக்கு வேண்டும் என்பதற்கு, தீபாவளிக்கு நான்கு கிழமை முன்னால் எவ்வளவு, மூன்று கிழமை முன்னால் எவ்வளவு என்று பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணி வேறொரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

நோர்வூட்டுத் தம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. தீபாவளி ஒக்டோபரில் வந்தாலும் நவம்பரில் வந்தாலும் அதே கடைசிக் காலாண்டுக்குள்தான்.

ஹட்டன் புடவைக்கடை

இரண்டு மாசத்தையும் சேர்த்துப் பார்த்தேன். மூன்று வருஷமும் கிட்டக் கிட்ட வந்துவிட்டது. நல்லது டீச்சர். கிழமை அட்டவணைக்குப் பில் புத்தகம் தேட வேண்டும்.

நோர்வூட்வாசி

மாமாவிடம் கேட்டேன். ஜூனில் எங்களுக்குக் கொழுந்து போடும் இரண்டு பெரிய காணிக்காரர்கள் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள். இன்னும் கொழுந்து எடுக்கத் தொடங்கவில்லை. அதோடு கீழ்ப்பக்கம் புதிதாக ஒரு கொழுந்து வியாபாரியும் வந்திருக்கிறார். மாமா பயப்படுவது அவரைப் பார்த்துத்தான், ஆனால் கவ்வாத்துதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாமா?

கணக்குமேசை

கவ்வாத்து தற்செயலும் இல்லை, பருவமும் இல்லை. மலைநாட்டில் ஒரு செடி நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்துக்கு வரும். வெட்டியதும் சில மாசம் ஒன்றும் இல்லை, அப்புறம் மெல்ல ஏறும், கடைசி வருஷங்களில் மறுபடி தளரும். ஒரு காணியின் கணக்கில் அது தெளிவான சுழற்சி. நூறு பேர் கொழுந்து போட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருஷம் வெட்டினால் மொத்தத்தில் தெரியாது. உங்களிடம் இரண்டு பெரிய காணி ஒரே மாசத்தில் வெட்டியதால் மொத்தமே அசைந்திருக்கிறது. மூன்றரை வருஷத் தொடருக்குள் அந்தச் சுற்று ஒரு தடவைகூட முழுதாக அடங்காது. எந்தச் சராசரியும் அதைக் காட்டித் தராது.

கவ்வாத்தா, புது வியாபாரியா என்பதைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பேரின் கொழுந்தையும் எல்லாக் காலாண்டிலும் கழித்துவிட்டு மிச்சத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள். மிச்சத்தில் குறை இல்லையென்றால் கவ்வாத்துதான். மிச்சத்திலும் குறை நின்றால் மாமாவின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது.

நோர்வூட்வாசி

ஆள்வாரியாக எழுதிய பதிவேடு 2024 ஜனவரியிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முன்னால் மொத்தம் மட்டும்தான்.

கணக்குமேசை

அதை வைத்துப் புதிய சுட்டி போட முடியாது. ஏழு காலாண்டில் ஒரு பருவத்துக்கு ஒரு விகிதம் கிடைப்பதே கஷ்டம். ஆனால் பழைய சுட்டியைக் கடன் வாங்கலாம். மழையும் வெயிலும் எல்லாக் காணிக்கும் ஒன்றுதானே. மிச்சத்தொகையை 0.804, 1.253, 0.899, 1.044ஆல் வகுத்து, 2025 ஜூனுக்கு அப்புறம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டவளை

இன்னொரு சந்தேகம். ஏன் எல்லாம் வீதத்தில்? கழித்துப் பார்த்தால் ஜூலை–செப்டெம்பர் நகரும் சராசரியைவிட 4, 5, 4.9 கீழே. இதுவும் நிலையாகத்தானே இருக்கிறது? 53.7இலிருந்து சராசரியாக 4.6 கழித்தால் 49.1. உங்கள் 48.2ஐவிட ஏறக்குறைய 1 கூட.

கணக்குமேசை

ஏப்ரல்–ஜூனில் வித்தியாசம் 11, அப்புறம் 12.9. போக்கு ஏறும்போது அதுவும் ஏறுகிறது, அதனால் நான் பெருக்கல் பக்கம் போனேன். இரண்டே எண்ணை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். இந்தக் கடைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத் தருகிறது. வரவு இரட்டிப்பானால்தான் எது சரியென்று தெரியும்.

நோர்வூட்வாசி

பார்த்தேன். அந்த இரண்டு பேரையும் கழித்தபிறகு பருவம் நீக்கிய எண் ஜூனில் 49.3, செப்டெம்பரில் 47.8. குறை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆனால் முன்பு போல இல்லை. இதைப் புது வியாபாரி என்று சொல்வதா?

கணக்குமேசை

ஒரு காலாண்டில் ஒன்றரை என்பது உங்கள் தொடரின் வழக்கமான ஆட்டத்துக்குள் அடங்குகிறது. ஒக்டோபர்–டிசம்பர் விகிதம் 102இலிருந்து 106 வரை போய்வந்ததே. டிசம்பர் முடியட்டும். மொத்தம் 57 பக்கம் வந்தால் பழைய பாதைக்குத் திரும்பிவிட்டது. இதே 11 வீதக் குறை நீடித்தால் 51 பக்கம் நிற்கும். அந்த இரண்டு காணியும் அதற்குள் கொழுந்து எடுக்கத் தொடங்குமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

வட்டவளை

லொறி விஷயத்தில் நான் சொல்வது வேறு. லொறி தேவையா என்பதை 43 வந்த காலாண்டு தீர்மானிக்காது, 66 வந்த காலாண்டுதான் தீர்மானிக்கும். மே மாசத்தில் கொழுந்து குவிந்து கிடக்கும்போது ஒரு லொறி போதுமா என்று மாமாவிடம் கேளுங்கள். போதாதென்றால் விற்கக் கூடாது.

பண்டாரவளைக் காற்று

மே மாசத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாமே? வருஷம் முழுக்க லீசிங் கட்டுவதைவிட மலிவு.

வட்டவளை

மே மாசத்தில் இந்தப் பக்கம் வாடகை லொறி கிடைத்தால் சொல்லுங்கள் தம்பி, நானே எடுக்கிறேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் கொழுந்து பொங்குகிறது.

நோர்வூட்வாசி

டிசம்பர் வரை விற்பதில்லை என்று மாமா ஒத்துக்கொண்டார். வாடகை ஒப்பந்தம் முன்கூட்டியே போட முடியுமா என்று விசாரிக்கிறேன். ஜனவரியில் கடைசிக் காலாண்டு எண்ணோடு இங்கேயே எழுதுகிறேன்.